டேப்பை வெளிய வச்சா 4 யூனிட், உள்ள கம்பி விட்டுப் பாத்தா 3

கேள்வி: அண்ணே, திருமங்கலம் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம். 4 யூனிட் எம்-சாண்ட்னு காசு வாங்கிட்டு லோடு விட்டாங்க, கொட்டுனதப் பாத்தா எனக்கு கம்மியா தெரியுது. கேட்டா டிரைவரே டேப்ப எடுத்து பாடிய அளந்து காட்டி, 4க்கு மேலயே இருக்குன்றாரு. கணக்கும் சரியாத்தான் வருது. எங்க இடிக்குதுன்னு புரியல.

பதில்: தம்பி, டிரைவர் டேப்ப எங்க வச்சாருன்னு யோசிச்சுப் பாருங்க, பெரும்பாலும் வெளிப்பக்கமாத்தான் இருக்கும். எங்க வீட்டு மாடி எடுத்தப்ப எனக்கும் இதே கூத்து நடந்துச்சு, அந்த லாரி அளவு எல்லாம் நோட்டுல இன்னும் இருக்கு, அத வச்சே சொல்றேன்.

ஒரு யூனிட்னா 100 கன அடி. வெளிய அளந்தப்ப நீளம் 14 அடி 6 இஞ்ச், அகலம் 7 அடி 8 இஞ்ச், உயரம் 3 அடி 9 இஞ்ச். பெருக்கிப் பாத்தா 417 கன அடி வந்துச்சு, டிரைவரு சிரிச்சுக்கிட்டே "17 அடி சேத்தே தந்துருக்கோம்ணே"ன்னாரு. ஆனா பாடிக்கு வெளிய நிக்கிற இரும்புப் பட்டை, தகடு, அடியில தட்டத் தாங்குற சட்டம் எல்லாம் அந்த அளவுல சேந்துருது, அதுக்குள்ள மணலா இருக்கு? கொட்டி முடிச்சப்புறம் நான் உள்ள ஏறி அளந்தேன், 14 அடி, 7 அடி 3 இஞ்ச், 3 அடி 6 இஞ்ச், அவ்ளோதான். அதாவது விளிம்பு வரைக்கும் மட்டமா நெரப்புனாலே 355 கன அடிதான் பிடிக்கும், மூணரை யூனிட்.

அதுவும் மட்டமா நெரப்பல, அங்கதான் விஷயமே. கீழ நின்னு பாத்தா நடுவுல கோபுரமா குமிச்சிருக்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஓரத்துல எவ்வளவு பள்ளம்னு மேல ஏறுனாத்தான் தெரியும். அதனால கொட்டுறதுக்கு முன்னாடியே ஒரு 8 எம்எம் கம்பிய எடுத்துக்கிட்டு ஏறிருங்க, அடித்தகட்டுல டொக்குன்னு முட்டுற வரைக்கும் நேரா குத்தி, மணல் மட்டத்துல விரல வச்சு புடிச்சுக்கிட்டு உருவி அந்த நீளத்த அளங்க. முன்னாடி மூணு, நடுவுல மூணு, பின்னாடி மூணுன்னு 9 இடம், ஒவ்வொரு வரிசைக்கும் இடது ஓரம், நடு, வலது ஓரம். ஓரத்துல குத்தும்போது பாடிய ஒட்டியே குத்தாம ஒரு முக்கால் அடி தள்ளிக் குத்துங்க.

எனக்கு ஓரத்துல 6 இடத்துலயும் 2 அடி 6 இஞ்சுக்கும் 2 அடி 9 இஞ்சுக்கும் நடுவுலதான் வந்துச்சு, நடுவுல மட்டும் 3 அடி 6, 4, 3 அடி 6. ஒன்பதையும் கூட்டுனா 27 அடி, சராசரி 3 அடி. ஆக 14 × 7.25 × 3 = 304.5 கன அடி, 3 யூனிட்ட ஒட்டித்தான் வந்துருக்கு. காசு போனது 4க்கு.

கால்குலேட்டர்ல அடிக்கும்போது ஒண்ணு கவனிங்க, 3 அடி 6 இஞ்ச 3.6னு போடக்கூடாது, 3.5. இஞ்ச 12ஆல வகுத்துதான் போடணும். நிறைய பேரு 7.3, 3.6னு போட்டுருவாங்க, அப்படிப் போட்டா அதே லாரிக்கு 12 கன அடிக்கு மேல கூடுதலா காட்டும், விக்கிறவங்களுக்கு லாபம்.

டிப்பர்னா கொட்டுனதும் போயிராதீங்க. ஈர மணல் முன் மூலையில அப்படியே ஒட்டி நிக்கும், மம்பட்டிய விட்டு வழிச்சுப் போடச் சொல்லணும், எங்க லோடுல அப்படி ஒட்டுனதே ஏழெட்டு சட்டி இருந்துச்சு. பாடிக்குள்ள ஜாக்கிக்கு பொட்டி மாதிரி அடைச்சிருந்தா அதையும் அளந்து கழிச்சுக்கங்க.

கம்பி அளவுக்கும் ஒரு எல்லை இருக்கு. லேசா ஈரமா இருக்கிற மணல் உப்பிப்போய் கனம் கம்மியா இருந்தாலும் கன அடி கூடத்தான் காட்டும். ஒரு வாளியில மணல 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, மூழ்குற அளவுக்குத் தண்ணி ஊத்தி கலக்கி விட்டு, அடங்குனதும் பாருங்க. 16க்கு எறங்குச்சுன்னா நீங்க வாங்குன அஞ்சு பங்குல ஒரு பங்கு வெறும் உப்பல்தான். இதுக்கு சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல, ரேட் பேசும்போதே சொல்லி வச்சுக்கிறதுதான்.

ஏற்கனவே கொட்டுன குவியல வச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அத விட்டுருங்க. அடுத்த லோடுக்கு ஆர்டர் சொல்லும்போதே "உள் அளவு, கம்பி போட்டுப் பாத்துட்டுத்தான் எறக்குவேன், பில்லுல கன அடி எழுதித் தாங்க"ன்னு சொல்லிருங்க. நான் அப்படிச் சொன்னதுக்கு அடுத்த தடவ அதே ஆளு "3 யூனிட் லாரிதாண்ணே இருக்கு, அனுப்பவா"ன்னு கேட்டாரு. வந்ததும் அதே லாரிதான்.