நண்பரிடம் பேசுவதுபோல் நம்மிடமே பேசுவது

"தப்பு செய்தால் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். உன்னிடமே பரிவாகப் பேசு என்கிறார்களே, எப்படி?"

தவிக்கும் நண்பரிடம் பேசும் அதே குரலில் நம்மிடமும் பேசுவதுதான் தற்பரிவு. தேர்வில் தோற்ற தோழியிடம் "நீ எதற்கும் லாயக்கில்லை" என்போமா? "வலிக்கத்தான் செய்யும். சரி, எந்தப் பாடத்தில் சறுக்கியது?" என்று கேட்போம். திட்டினால் மனம் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு தற்காப்பில் இறங்கிவிடும், தவறைப் பார்க்காது. விழுந்த குழந்தையை அதட்டினால் அது அடிபட்ட இடத்தை மறைத்துக்கொள்வதைப்போல.

முதலில் செயற்கையாகத் தோன்றும். "நான்" என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லி மனத்துக்குள் பேசிப் பாருங்கள். கொஞ்சம் விலகி நின்று பார்க்க வரும்.

பரிவு காட்டினால் சோம்பல் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கியபின் தங்களைப் பரிவோடு பார்த்த மாணவர்கள்தான் மறுதேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.