கட்டுரை திருத்தும் இயந்திரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் அடுத்த மாதம் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதுகிறான். கட்டுரையைக் கணினி திருத்துவதால் நீளமாக எழுது, கடினமான சொற்களைப் போடு, மதிப்பெண் தானே வரும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்களாம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எனக்கு இது உறுத்துகிறது. கணினியை இப்படி ஏமாற்ற முடியுமா? முடியுமென்றால் ஒழுங்காக எழுதும் பிள்ளைக்கு அது அநீதி அல்லவா?

மீனாட்சி, திருச்சி

அன்புள்ள மீனாட்சி,

பயிற்சி மையம் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1960-களில் எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் கணினியைக் கொண்டு கட்டுரைகளுக்கு மதிப்பெண் இட முயன்றபோது, வாதத்தின் வலிமை போன்ற உண்மையான குணங்களைக் கணினியால் அளக்க முடியாது, ஆனால் அவற்றோடு சேர்ந்தே வரும் வெளி அடையாளங்களை எண்ணிவிடலாம் என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நன்றாக எழுதுபவர்கள் பெரும்பாலும் நீளமாகவும் அரிய சொற்களைக் கையாண்டும் எழுதுகிறார்கள். ஆகவே நீளத்தையும் அரிய சொற்களையும் எண்ணினால் போதும் என்பதே அவருடைய துணிபு. இன்று ஜி.ஆர்.இ. தேர்வில் கட்டுரை திருத்தும் ஈ-ரேட்டர் என்ற நிரல் இலக்கணப் பிழை, சொல்தேர்வு, கட்டுரை அமைப்பு என்று இன்னும் பலவற்றைப் பார்க்கிறது என்றாலும், அதுவும் அடையாளங்களைத்தான் பார்க்கிறது. கருத்து சரியா என்று அதற்குத் தெரியாது.

மாணவருக்கு இந்த அடையாளங்கள் தெரியாத வரையில்தான் அவை நம்பகமானவை. தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஈ-ரேட்டரை ஏமாற்றிக் காட்டுங்கள் என்று எழுத்துத்துறை வல்லுநர்களையும் மொழியியலாளர்களையும் அழைத்தது. அவர்களில் ஒருவர் சில பத்திகளை எழுதி, அவற்றையே 37 முறை திரும்பத் திரும்ப ஒட்டி அனுப்பினார். இயந்திரம் 6-க்கு 6 கொடுத்தது. அந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், மாணவர்களோடு சேர்ந்து பேபல் என்றொரு நிரலை உருவாக்கினார். மூன்று சொற்கள் வரை கொடுத்தால் அது இலக்கணம் பிசகாத, பொருளே இல்லாத ஆங்கிலக் கட்டுரையைத் தயாரித்துத் தரும். ஜி.ஆர்.இ. பயிற்சிக்கான இணையச் சேவையில் அத்தகைய கட்டுரைகளும் முழு மதிப்பெண் வரை பெற்றன. பிறகு பேபல் கட்டுரைகளை அடையாளம் காணும் வழியையும் ஈ.டி.எஸ். ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

ஆனால் யாரும் தேர்வறையில் பேபல் எழுதுவதில்லை. அங்கே நடப்பது, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரையையும் இணைப்பு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் நடுவில் தலைப்பை மட்டும் செருகுவது. (பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டிய பையனின் கதையை வகுப்பில் நீங்களே சொல்லியிருப்பீர்கள்.) உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. ஈ.டி.எஸ். ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சீனாவிலிருந்து எழுதியவர்களுக்கு மனிதர்கள் இட்டதைவிட இயந்திரம் கூடுதலாகவும், கறுப்பின அமெரிக்கர்களுக்குக் குறைவாகவும் மதிப்பெண் இட்டது தெரியவந்தது. கட்டுரையின் நீளமும் மனப்பாட வாசகங்களும் முதலாவதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இயந்திரத்துக்கு யார் மீதும் வெறுப்பில்லை. அடையாளமும் குணமும் எல்லாக் கூட்டத்திலும் ஒரே விதமாகச் சேர்ந்து வருவதில்லை, அவ்வளவே.

'மனிதர்களோடு ஒத்துப்போகிறது' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எந்த அளவுகோலில் என்று கேளுங்கள். கற்பனையாக 100 கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் 35 பேருக்கு 3, 35 பேருக்கு 4, 12 பேருக்கு 2, 12 பேருக்கு 5, மீதி ஆறு பேருக்கு 1 அல்லது 6 கொடுத்திருக்கிறார்கள். எதையுமே படிக்காமல் எல்லோருக்கும் 4 போடும் இயந்திரம்கூட 82 கட்டுரைகளில் 'ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குள்' ஒத்துப்போய்விடும். மிகச் சிறந்த கட்டுரையும் மிக மோசமான கட்டுரையும் இந்தக் கணக்கில் காணாமல் போகின்றன.

உங்கள் மகனைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜி.ஆர்.இ.யில் ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு மனிதர் படிக்கிறார். அவருடைய மதிப்பெண்ணும் இயந்திரத்தின் மதிப்பெண்ணும் நெருங்கி வந்தால் இரண்டின் சராசரி. விலகினால் இன்னொரு மனிதர் படித்து, மனிதர்கள் இருவருடைய சராசரியே எடுக்கப்படும். கருத்தில்லாத நீளம் முதல் மனிதரிடமே மாட்டிக்கொள்ளும்.

எனக்குக் கவலை தருவது பள்ளிகள்தான். டெக்சாஸ் மாநிலத்தின் பொதுத்தேர்வில் 2024 முதல் எழுத்து விடைகளை முதலில் இயந்திரம் திருத்துகிறது; ஏறத்தாழ கால்பங்குதான் மனிதரிடம் போகிறது. அனுப்பப்படுபவற்றில் முக்கியமானவை இயந்திரத்துக்கே ஐயம் எழுந்த விடைகள். வார்ப்பில் ஊற்றிய கட்டுரை இயந்திரத்துக்கு ஐயமே தராது. விசித்திரமாக, ஆனால் சொந்தமாக யோசித்து எழுதிய குழந்தையின் விடைதான் ஐயம் தரும். அந்தக் குழந்தைக்காவது மனித வாசகர் கிடைக்கலாம். ஐயமின்றித் தவறாகத் திருத்தப்பட்ட விடைக்கு, யாராவது மறுமதிப்பீடு கேட்டால்தான் உண்டு. அதற்குக் கட்டணம் 50 டாலர், மதிப்பெண் கூடினால் தள்ளுபடி.