கோடு பூஜ்யத்தைத் தாண்டும் இடம்

மஞ்சக்குப்பத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். நேற்று ஒரு பையன் வினாத்தாளைப் படம் பிடித்து அனுப்பினான். திசைவேகக் கோடு 0-வில் தொடங்கி 4 வினாடியில் 8 மீ/வி-க்கு ஏறுகிறது, 10 வரை அப்படியே போகிறது. அப்புறம் நேராக இறங்கி 16-ல் −4, 18-ல் மறுபடி 0. கோட்டுக்கும் நேர அச்சுக்கும் நடுவே உள்ள பரப்பை வைத்து இடப்பெயர்ச்சியும் தொலைவும் கண்டுபிடிக்கணும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கேட்டவை இவை.

"டீச்சர், இடப்பெயர்ச்சி 72 கரெக்டா வருது. தொலைவு 80 வருது, கீயில 88 போட்டிருக்கு. கீ தப்பா?"

கீ சரிதான், தம்பி. முதல் முக்கோணம் 16, செவ்வகம் 48, இதுவரை பிழையில்லை. 10 முதல் 16 வரை உள்ளதை நீ ஒரே துண்டாக எடுத்து, 8-க்கும் −4-க்கும் சராசரி 2, அதை 6 ஆல் பெருக்கி 12 என்று போட்டிருக்கிறாய். இடப்பெயர்ச்சிக்கு அது செல்லும். ஆனால் அந்த 12-க்குள் முன்னே போன 16-உம் பின்னே வந்த 4-உம் கழிந்து போய்விட்டன. தொலைவுக்குக் கோடு அச்சை வெட்டும் இடத்திலேயே துண்டை வெட்டணும். 6 வினாடியில் 12 குறைகிறது, வினாடிக்கு 2. 8 தீர 4 வினாடி ஆகும், ஆக வெட்டு 14-ல். அதற்கு மேல் 16 + 48 + 16 = 80. கீழே உள்ள முக்கோணம் 14 முதல் 18 வரை: ½ × 4 × 4 = 8. கூட்டினால் 88, கழித்தால் 72.

"ஸ்கேல் வச்சு அளந்தா வெட்டுற இடம் 13.6 தான் வருது மேடம்."

போனைச் சாய்த்துப் பிடித்த படம் அது. கிட்டே இருக்கும் கட்டம் பெரிசாகவும் தள்ளி இருப்பது சிறிசாகவும் விழும். 4-க்கும் 10-க்கும், 10-க்கும் 16-க்கும் நடுவே இரண்டுமே 6 வினாடிதான். அந்த இரண்டு இடைவெளியையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால் ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு, அச்சில் எழுதியிருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

"நான் பாண்டிச்சேரி பீச் ரோட்ல சைக்கிள்ல போயிட்டு கிளம்புன இடத்துக்கே வந்தேன். ஆப் காட்டுன கோடு கீழ இறங்கவே இல்லையே அக்கா?"

அந்த ஆப் காட்டுவது வேகம், எந்தப் பக்கம் போனீர்கள் என்பது அதில் இல்லை. அதன் பரப்பில் தொலைவு மட்டும்தான் கிடைக்கும். உங்கள் இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்று அது சொல்லாது. இன்னொன்று: மணிக்கு 12 கிலோமீட்டரில் 5 நிமிடம் போனால் பரப்பு 60 இல்லை, 1 கிலோமீட்டர். நிமிடத்தை மணியாக்கிவிட்டுப் பெருக்குங்கள்.

"18-க்கு அப்புறம் கோடு போற மாதிரி இருக்கு, படம் அங்க கட் ஆயிடுச்சு. வண்டி நின்னுடுச்சா?"

எனக்கும் அதே சந்தேகம். 72-உம் 88-உம் 18 வினாடி வரைக்கும்தான். தாளின் வலது ஓரத்தையும் சேர்த்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.