260 பேருக்கு ஒரே மெயில், ஆளுக்கொரு தனி வரி

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் நான், 1998 செட். உயிரியல் ஆய்வகத்துக்கு மைக்ராஸ்கோப் வாங்கப் பணம் கேட்டு 260 பேருக்கு ஈமெயில் போட்டேன். ஏழு பேர்தான் பதில் எழுதினார்கள். அடுத்த தடவை மெயில் மெர்ஜில் எல்லார் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். “இதுவும் சர்குலர் மாதிரியேதான்டா இருக்கு” என்கிறான் கூடப் படித்தவன். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. மெயிலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: “தாங்கள் பயின்ற பள்ளியின் வளர்ச்சிக்காக நமது சங்கம் பல்வேறு நற்பணிகளை ஆற்றி வருவதைத் தாங்கள் அறிவீர்கள்” என்று உங்கள் மெயில் தொடங்குகிறது. இந்த வரியை எந்த ஊர்ப் பள்ளியும் எழுதலாம், யாருக்கும் அனுப்பலாம். அதன் தலையில் பெயரை ஒட்டினாலும் அது மாறாது. பெயரை மெஷின் போடுகிறது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் அடுத்த ஆளுக்குப் பொருந்தாத ஒரு வரி உள்ளே இருந்தால்தான் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதனால் மெயிலை இரண்டாகப் பிரியுங்கள். செய்தி எல்லாருக்கும் ஒன்றுதான்: எத்தனை மைக்ராஸ்கோப், என்ன விலை, யாரிடம் எப்படிப் பணம் கட்டுவது. இதை ஏழெட்டு வரிக்குள் சுருக்குங்கள். அதற்கு முன்னால் வரும் ஒரே ஒரு வரி ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கூகுள் ஷீட்டில் “தனி வரி” என்று ஒரு காலம், அதாவது நெடுவரிசை, திறந்து அதைக் கையாலேயே எழுதுங்கள்.

260 வரி எழுத வேண்டியதில்லை. உங்கள் செட்டிலும் அதற்கு முன் பின் செட்களிலும் நேரில் தெரிந்தவர்களுக்கு மட்டும் நீங்கள் எழுதுங்கள். மற்ற செட்களுக்குத் தலா ஒருவரைப் பிடியுங்கள். அவர் செட்டுக்கான வரிகளை அவரே எழுதி, அவர் மெயிலிலிருந்து அவர் பெயரிலேயே அனுப்பட்டும். 1985 செட்டுக்காரருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. பக்கத்து பெஞ்சில் இருந்தவரை மறந்திருக்க மாட்டார்.

தனி வரி சரியா என்று பார்க்க, ஷீட்டில் அதை அடுத்த வரிசை ஆளுக்கு மாற்றிப் படியுங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடுங்கள். “உயிரியலில் உங்களுக்கிருந்த ஆர்வத்தை நாங்கள் மறக்கவில்லை” என்பது யாருக்கும் பொருந்தும், போதாததற்குப் பொய்யும்கூட. அவர் காமர்ஸ் குரூப் படித்தவராக இருந்தால் கதை முடிந்தது. இதைப் பாருங்கள்: “பிராக்டிகலில் நீயும் நானும் வெங்காயத் தோலை மாற்றி மாற்றிப் பார்த்த அதே மைக்ராஸ்கோப்தான் இன்னும் அங்கே இருக்கிறது.” இதை ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்.

முடிந்த இடத்தில் கேட்கும் விஷயத்தையும் மாற்றுங்கள். லேப் டெக்னீஷியனாக வேலை பார்ப்பவரிடம் முதலில் பணம் கேட்காதீர்கள். “நீங்கள் லேபில் இருப்பதாக உங்கள் செட்காரர் சொன்னார். பள்ளிக்கு எந்த வகை வாங்கினால் நீடித்து உழைக்கும் என்று சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். விஷயம் எப்படித் தெரிந்தது என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுவது முக்கியம். அதைச் சொல்லாமல், ஃபேஸ்புக்கில் பார்த்த வீடு, குழந்தை, உடம்பு சமாச்சாரங்களை எழுதினால் வேவு பார்த்த மாதிரி ஆகிவிடும். சொல்ல எதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தனி வரி இல்லாமலும் மெயில் இயல்பாகப் படிக்கும்படி அடுத்த பத்தியைத் தொடங்கியிருக்க வேண்டும். “ஆகவே”, “அதனால்தான்” என்று தொடங்கினால் காலிக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பெயர். நீங்கள் அனுப்பியதில் ஒருவருக்கு “அன்புள்ள S” என்று போயிருக்கிறது. இனிஷியல் முன்னால் வரும் நம் பெயர்களை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்தால் இப்படித்தான் ஆகும். அதோடு, வேற்றுமை உருபை டெம்ப்ளேட்டில் ஒட்டியிருக்கிறீர்கள். பெயருக்குப் பின்னால் “க்கு” என்று வைத்தால் செல்விக்குச் சரியாக வரும். குமார் “குமார்க்கு” ஆவார், லதா “லதாக்கு” ஆவார். ஊருக்கும் அப்படியே. “மதுரையில்” சரி, “சேலம்யில்” வந்து நிற்கும். உருபு எதையும் டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள். “சேலத்தில்” என்று முழுச் சொல்லாகவே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

விளிக்கென்றும் ஒரு தனி காலம் வேண்டும். 1998-க்கு முந்தைய செட் உங்களுக்கு “முருகன் அண்ணா”, “லதா அக்கா”. உங்கள் செட் வெறும் “குமார்”. ரொம்ப மூத்தவர் “ஐயா”. நேரில் பார்த்தால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே B காலத்தில் எழுதி, பக்கத்துக் காலத்தில் இதைப் போடுங்கள். பெயர் விட்டுப்போனாலும் அசிங்கமாகத் தெரியாது:

```
=IF(B2="", "வணக்கம்,", "அன்புள்ள "&B2&",")
```

விளி மாறினால் உள்ளேயும் மாற வேண்டும். “அன்புள்ள குமார்” என்று ஆரம்பித்து “தாங்கள்” என்று தொடர்ந்தால் ஒட்டாது. பொதுப் பகுதியில் நீ, நீங்கள், தாங்கள் எதுவுமே வராமல் எழுதிவிடுவதுதான் நல்லது. இப்படி:

“பள்ளியில் இப்போது வேலை செய்வது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். இந்த வருஷம் இன்னும் நான்கு வாங்கப் பார்க்கிறோம். கடைக்காரர் தந்த விலைப்பட்டியல் கீழே இருக்கிறது. பணம் பள்ளியின் கணக்குக்கே நேராகப் போகும், ரசீது பள்ளியே தரும். சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போட்டால் போதும், எனக்குத்தான் வரும்.”

இதில் “நற்பணி” இல்லை, “நல்லுள்ளம்” இல்லை. சங்கத்தின் லோகோவும் வண்ணத் தலைப்பும்கூட வேண்டாம். கூடப் படித்தவருக்கு மெயில் எழுதும்போது யாரும் லோகோ போடுவதில்லை. கையெழுத்தில் “செயலாளர்” என்பதற்கு மேல் உங்கள் பெயரும் செட்டும் வரட்டும். சப்ஜெக்டில் ஆளின் பெயரைப் போடாதீர்கள், விளம்பர மெயில்கள் அதைச் செய்து கெடுத்துவிட்டன. “98 செட் – பயாலஜி லேப்” போதும். வேர்டில் மெர்ஜ் செய்தால் சப்ஜெக்ட் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் போகும். அங்கே செட் செட்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

அனுப்புமுன் பயப்பட வேண்டியது வரிசை இடம் மாறுவதற்குத்தான். ஷீட்டில் ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், தனி வரிகள் நகராது. குமாருக்கு எழுதியது லதா அக்காவுக்குப் போய்ச் சேரும். இதைப் பார்த்ததும் கண்டுபிடிக்க, ஒவ்வொரு தனி வரியின் பக்கத்திலும் ஆளின் பெயரை இன்னொரு முறை கையால் அடித்து வைத்து ஒப்பிடுங்கள். எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கிறீர்கள் என்றால் `CSV UTF-8` வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். பிறகு மெயில் முகவரிக் காலத்தில் உங்கள் முகவரியையே போட்டு ஐந்து வரிசை சோதித்துப் பாருங்கள். அதில் ஒன்று இனிஷியல் உள்ள பெயர், ஒன்று பெயரே இல்லாதது, ஒன்று தனி வரி காலியாக உள்ளது என்று இருக்கட்டும். கணினியில் பார்த்தது போதாது, போனிலும் திறந்து பாருங்கள்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு அனுப்பலாம், ஆகவே 260-ஐ ஒரே நாளில் தள்ளிவிட முடியும். ஆனாலும் நாளுக்கு 40 பேருக்கு மேல் வேண்டாம். தனி வரிக்குத் தனிப் பதில்தான் வரும், “அந்த பழைய லேப் அட்டெண்டர் எப்படி இருக்கிறார்?” என்று ஒருவர் கேட்டு, இரண்டு நாள் கழித்து “தங்கள் மடல் கிடைத்தது, நன்றி” என்று போனால் எல்லாம் பாழ். ஷீட்டில் “பதில்” என்று கடைசியாக ஒரு காலம் வைத்து அன்றன்றைக்கே குறியுங்கள். நினைவூட்டல் அனுப்பும்போது அந்தக் காலம் காலியாக உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், அதில் பழைய தனி வரியைத் திரும்பப் போடாதீர்கள்.