(cos x)^(1/x²): விடை 1-ஆ, −1/2-ஆ, 1/√e-யா?

*சார், நான் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு, வீடு பெரம்பூர். x பூஜ்ஜியத்தை நெருங்கும்போது (cos x)^(1/x²) எதை நெருங்கும் என்ற கணக்குக்கு 1 என்று எழுதினேன். 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1 தானே? கால்குலேட்டரில் x = 0.1 போட்டுப் பார்த்தாலும் 0.9998 வருகிறது. நண்பன் லாக் எடுத்துச் செய்து −1/2 என்கிறான். விடைக்குறிப்பில் 1/√e என்று இருக்கிறது. யார் சரி?*

விடைக்குறிப்பு சரி. 1/√e என்றால் ஏறக்குறைய 0.6065. உங்கள் நண்பர் போன வழி சரி, ஆனால் ஒரு படி முன்னதாகவே நின்றுவிட்டார்.

கால்குலேட்டரில் இருந்து தொடங்குவோம். அதன் திரையின் மேல் ஓரத்தில் D என்று சின்னதாக ஓர் எழுத்து தெரிகிறதா, பாருங்கள். தெரிந்தால் அது டிகிரியில் இருக்கிறது. நீங்கள் 0.1 ரேடியன் என்று நினைத்துப் போட்டதை அது 0.1 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. நுண்கணிதத்தில் cos x என்றாலே x ரேடியனில்தான். R-க்கு மாற்றிவிட்டு அதே 0.1-ஐப் போடுங்கள்: 0.99500417-இன் 100-ஆம் அடுக்கு, விடை 0.60602. அடுத்து 0.01 போட்டால் 0.60653. இரண்டும் 0.6065306…-ஐ நோக்கித்தான் போகின்றன.

டிகிரியில் வந்த எண்ணையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். x = 0.1-க்கு 0.99984770 வருகிறது. 0.01-க்கும் அதே 0.99984770 தான் வரும். விடை உண்மையிலேயே 1 என்றால், x சிறுக்கச் சிறுக்க அந்த எண் 1-ஐ நோக்கி நகர வேண்டும். அது நகரவே இல்லை. டிகிரியில்கூட விடை 1 கிடையாது. 1-க்கு மிக அருகில் இருக்கும் வேறோர் எண், அவ்வளவுதான். ஒரே ஒரு x-ஐப் போட்டுப் பார்த்து எல்லையை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். குறைந்தது இரண்டு மதிப்புகளைப் போட்டு, எண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1 தானே என்ற கேள்விக்கு வருவோம். அடிமானம் அச்சாக 1 ஆக இருந்தால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இங்கே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் cos x எந்த இடத்திலும் 1 ஆக இல்லை (x = 0 நீங்கலாக, அதை நாம் தொடுவதே இல்லை). அது 1-ஐவிடத் துளி குறைவாக இருக்கிறது. அந்தத் துளி குறையக் குறைய, அதைப் பெருக்கும் தடவைகள் ஏறிக்கொண்டே போகின்றன. x = 0.01 என்றால் அடிமானத்தில் இருக்கும் குறை சுமார் 0.00005, அடுக்கோ 10,000. குறையையும் தடவையையும் பெருக்கினால் 0.5. இந்த 0.5 தான் கடைசியில் விடைக்குள் போய் உட்காரும்.

இதைப் பணத்தில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். புரசைவாக்கத்தில் ஒரு வங்கியில் 1 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு ஒரு வருடம் டெபாசிட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வழக்கம்போல மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அசலில் சேர்த்தால் (1 + 0.07/4)^4, அதாவது 1,07,185.90 ரூபாய். தினமும் சேர்த்தால் (1 + 0.07/365)^365, அதாவது 1,07,250.10 ரூபாய். நொடிக்கு நொடி, அதற்கும் மேலே என்று போனால் அடிமானம் 1-ஐ நெருங்குகிறது, அடுக்கு முடிவிலிக்குப் போகிறது. அச்சு அசல் 1^∞ வடிவம்தான். 1^∞ என்றால் 1 என்று வைத்துக்கொண்டால் ஒரு வருட வட்டி மொத்தமும் காணாமல் போயிருக்க வேண்டும். நடப்பதோ தொகை e^0.07 மடங்காகி 1,07,250.82-இல் போய் நிற்பது. வட்டி 8 சதவீதம் என்றால் வடிவம் அதே 1^∞, தொகை மட்டும் 1,08,328.71. வடிவத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதால்தான் இதைத் தேறப்பெறா வடிவம் என்கிறோம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேக்கப் பெர்னூலி e என்ற எண்ணை எதிர்கொண்டதும் இதே கூட்டுவட்டிக் கேள்வியில்தான்.

இப்போது உங்கள் கணக்கு. அடிமானத்திலும் x, அடுக்கிலும் x. லோபிதாலின் விதியை இப்படியே போட முடியாது. அதற்குப் பின்ன வடிவம் வேண்டும். மடக்கை எடுத்தால் அடுக்கு கீழே இறங்கிப் பெருக்கலாகிவிடும், அதைப் பின்னமாக எழுதிக்கொள்ளலாம். முழுக் கோவைக்கும் y என்று பெயர் வைத்துவிட்டு எழுதுங்கள்:

y = (cos x)^(1/x²)

ln y = ln(cos x) / x²

y என்று பெயர் வைப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், கடைசியில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். இன்னொன்று, மடக்கை எடுக்க அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும். x பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது cos x மிகை எண்தான், அதனால் இங்கே தடையில்லை.

x → 0 என்றால் தொகுதி ln 1 = 0, பகுதியும் 0. 0/0 வடிவம் என்பதை உறுதி செய்த பிறகுதான் லோபிதால். தொகுதியைத் தனியாகவும் பகுதியைத் தனியாகவும் வகையிடுங்கள். ln(cos x)-இன் வகைக்கெழு −sin x / cos x, அதாவது −tan x. பகுதியின் வகைக்கெழு 2x. ஆகவே

−tan x / (2x) = −(1/2) · (tan x / x) → −1/2

ஏனென்றால் tan x / x, 1-ஐ நெருங்கும். உங்கள் நண்பர் இந்த இடத்தில்தான் பேனாவை மூடிவிட்டார். −1/2-ஐ நெருங்குவது ln y. கேட்டது y. அடுக்குக்குறிச் சார்பு தொடர்ச்சியானது என்பதால், ln y எதை நெருங்குகிறதோ அதை e-இன் அடுக்கில் ஏற்றினால் y நெருங்கும் எண் கிடைத்துவிடும்:

y → e^(−1/2) = 1/√e

இந்தத் தவற்றை உடனே பிடிக்க ஒரு வழி உண்டு. மிகை எண்ணை எந்த மெய்யெண் அடுக்குக்கு ஏற்றினாலும் மிகை எண்தான் வரும், அதனால் எல்லை குறை எண்ணாக இருக்கவே முடியாது. −1/2 என்று வந்த உடனேயே e-க்குத் திரும்பவில்லை என்று தெரிந்துவிடும். ln y-இன் எல்லை 1/2 போல மிகை எண்ணாக வரும் கணக்குகளில் இந்தச் சோதனை கைகொடுக்காது. அங்கேதான் முதல் வரியில் எழுதிய y உதவும்.

கோச்சிங் வகுப்புகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: f^g என்ற கோவைக்கு g·(f − 1)-இன் எல்லையைக் கண்டு e-இன் அடுக்கில் போட்டுவிடு என்று. உங்கள் கணக்கில் (cos x − 1)/x² → −1/2, அதே விடை ஒரே வரியில் வந்துவிடுகிறது. f, 1-க்கு அருகில் இருக்கும்போது ln f-ம் f − 1-ம் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் காரணம். தேர்வில் நேரம் இல்லாதபோது நானும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் 1^∞ வடிவத்தைத் தவிர வேறெங்கும் இதைத் தொடாதீர்கள். x முடிவிலிக்குப் போகும்போது x^(1/x)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது ∞^0 வடிவம். குறுக்கு வழியில் (1/x)(x − 1) → 1, விடை e என்று வரும். மடக்கை வழியில் ln y = (ln x)/x → 0, விடை 1. x = 1000 போட்டால் 1.0069 வருகிறது, சரியானது எது என்று நீங்களே பார்க்கலாம். 0^0, ∞^0 இரண்டுக்கும் முழு மடக்கை வழியிலேயே போங்கள்.

ரேடியனுக்கு மாற்றிய பிறகும் கால்குலேட்டரை ஓர் அளவுக்கு மேல் நம்ப முடியாது. இன்னும் துல்லியமாகப் பார்க்கலாமே என்று x = 0.00000001 போட்டால் மறுபடியும் 1 என்றே காட்டும். அப்போது cos x என்பது 0.99999999999999995. அத்தனை இலக்கங்களை வைத்துக்கொள்ளக் கருவியில் இடம் இல்லாததால் அது 1 என்று முழுமையாக்கிவிடுகிறது. அதன் பிறகு எந்த அடுக்குக்கு ஏற்றினாலும் 1 தானே வரும். 0.1, 0.01, 0.001 வரை போட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு (1 + x)^(1/x²)-ஐப் போட்டுப் பாருங்கள். பார்வைக்கு உங்கள் கணக்கு மாதிரியே இருக்கும். இங்கே ln y = ln(1 + x)/x², அது 1/x போல நடந்துகொள்கிறது. x வலப்பக்கமிருந்து வந்தால் ln y முடிவிலிக்குப் போகும், y-யும் முடிவிலிக்கு ஏறும். இடப்பக்கமிருந்து வந்தால் ln y எதிர்த் திசையில் முடிவில்லாமல் இறங்கும், y பூஜ்ஜியமாகும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் எல்லை இல்லை என்பதே விடை. x = 0.1-க்கு 13,780 சொச்சமும், x = −0.1-க்கு 0.00003-க்கும் குறைவாகவும் வரும்.