வாசகம் எப்படி மனதில் ஒட்டிக்கொள்கிறது? கேள்வி பதில்

‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று தாத்தா இன்றும் அப்படியே சொல்கிறார். எதுகை அமைந்ததால்தானே? (கல்லூரி மாணவர்)

இதில் வேலை செய்வது மோனை, தம்பி. வடக்கு–வாழ், தெற்கு–தேய் என்று ஒவ்வொரு பாதியிலும் முதலெழுத்து இணங்கி வருகிறது. முடிவில் ‘கிறது’ இருமுறை ஒலிக்கிறது, அது இயைபு. ‘வாழ்கிறது’, ‘தேய்கிறது’ இரண்டும் ஒரே ஓசை அளவுள்ள கூவிளங்காய்ச் சீர், அதனால் அடி பிசகாது.

‘வடக்கு செழிக்கிறது, தெற்கு நலிகிறது’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கருத்து அதேதான். ஆனால் கடைசிச் சொல் மறந்தால் ‘மெலிகிறது’, ‘வாடுகிறது’ என்று எதைப் போட்டாலும் பொருந்தும். பழைய வாசகத்தில் அந்தச் சொல் ‘தெ, தே’ ஓசையில் தொடங்க வேண்டும், ‘கிறது’ என்று முடிய வேண்டும், வாழ்வதற்கு எதிர்ப்பொருள் தர வேண்டும். மூன்றுக்கும் ஒத்துவருவது ‘தேய்கிறது’தான். தாத்தாவின் நினைவு தடுமாறினாலும் ஓசையே அவரைச் சரியான சொல்லில் கொண்டுவந்து விட்டுவிடும்.

இவ்வளவு இலக்கணம் எதற்கு? நூறு தடவை காதில் விழுந்தால் எதுவும் ஒட்டும். (விளம்பரத் துறை நண்பர்)

பாதி சரி. பலமுறை கேட்டால் பழகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் வாசகத்துக்குள்ளேயே சொல் திரும்பி வந்தால், நினைவில் வைக்க வேண்டியதே குறைகிறது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ நான்கு சொல். புதிதாகப் பிடிக்க வேண்டியவை மூன்றுதான். அப்புறம் ‘நமக்கு ஒருவர்’ என்று மாற்றினார்கள். இருவர், ஒருவர் இரண்டும் ஒரே அளவு, இரண்டாம் எழுத்தும் ஒன்று. இங்கேதான் நீங்கள் தேடிய எதுகை வருகிறது, தம்பி!

அந்த வாசகத்தால்தான் குடும்பங்கள் சிறிதாயின. நான் கண்ணால் பார்த்தவள். (ஓய்வுபெற்ற செவிலியர்)

நீங்கள் களத்தில் இருந்தவர், அம்மா. இருந்தாலும் பெண்கள் படித்ததையும், திருமண வயது உயர்ந்ததையும், உங்களைப் போன்றவர்கள் வீடு வீடாகப் போனதையும் விலக்கிவிட்டு வாசகத்தின் பங்கை மட்டும் எப்படி அளப்பது? ஓசை நயம் நம்பிக்கையைக் கொஞ்சம் கூட்டும் என்பதற்குச் சான்று உண்டு. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இயைபு உள்ள ஆங்கிலப் பழமொழிகளை, அதே பொருளில் இயைபின்றி எழுதியவற்றைவிட உண்மையானவை என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். நம்புவது வேறு, நடப்பது வேறு.

‘மழைநீரைச் சேமிப்போம், நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவோம்’ என்று தெருவில் எழுதினோம். யாருக்கும் நினைவில்லை. (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

இரண்டாம் பாதி நீண்டுவிட்டது. ‘ஓம்’ முடிவு எல்லாச் சுவரிலும் இருப்பதால் உங்கள் வாசகத்துக்கென்று ஓர் அடையாளம் இல்லை. ‘கூரை நீர் குழிக்கு, குழி நீர் கிணற்றுக்கு’ என்று வைத்துப் பாருங்களேன். முன் பாதி முடிந்த ‘குழி’யிலேயே பின் பாதி தொடங்குகிறது, அந்தாதி மாதிரி. செய்ய வேண்டிய வேலையும் அதிலேயே இருக்கிறது. ‘கிணற்றுக்கு’ சற்று கனம்தான், அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. சுவரில் எழுதுமுன் தெருப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் கேளுங்கள். எந்தச் சொல்லை மாற்றிச் சொல்கிறார்களோ அதைத்தான் திருத்த வேண்டும்.