மருத்துவர் பதில்: பெரட்டுக்கு முன் மாத்திரையா, சாப்பாடா?

"டாக்டர், எனக்கு 44 வயசு. தோட்டத்துல வேலை. காலையில 6 மணி பெரட்டுக்கு ஓடணும். இனிப்புநீர் மாத்திரையைப் போட்டு, ஒரு கப் டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். சாப்பாடு 10 மணிக்குத்தான். படிவம் 4 படிக்கிற மகளும் பசியாறாமதான் பள்ளிக்கூடம் போறா. காலையில சாப்பிடலைன்னா எடை குறையும், நல்லதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. இது ஒடம்பைக் கெடுக்குமா?"
– வாசகி, சுங்கை சிப்புட்

முதலில் உங்கள் மாத்திரை அட்டையை எடுத்து, அதில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், வெறும் வயிற்றில் வயிறு புரட்டலாம். ஆனால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லசைட் என்றிருந்தால் கதை வேறு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. வயிற்றில் உணவில்லை, உடலோ வெயிலில் உழைக்கிறது என்றால் சீனி இறங்கிக்கொண்டே போகும்.

என்னிடம் வந்த ஒருவர் செம்பனைக் குலை வெட்டுபவர். விடியற்காலை 5 மணிக்கு கிளிக்லசைட் போட்டு, சீனியில்லாத கோப்பி குடித்துப் போனவர், 9 மணி வாக்கில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். குடித்திருக்கிறார் என்று கூட இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். கிளினிக்குக்குத் தூக்கி வந்தபோது சீனி 2.4. இனிப்புநீர் உள்ளவருக்கு 3.9க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. உங்கள் வேலை நேரத்தைக் கிளினிக்கில் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை முதல் சாப்பாட்டோடு சேர்த்து மாற்றித் தருவார்கள். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 22 இனிப்புநீர் நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. காலை உணவைத் தவிர்த்த நாளில், அதே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்குச் சீனி கூடுதலாக ஏறியது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: பெரட்டுக்கு முன் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். முந்தின இரவே அவித்து வைத்த இரண்டு முட்டையும், இரண்டு துண்டு ரொட்டியும் போதும். டீயில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் விட்டால் அதிலேயே 20 கிராமுக்கு மேல் சீனி வந்துவிடும். அது பசியாறியதாகாது, பட்டினி கிடந்ததாகவும் ஆகாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 13 சோதனைகளைத் தொகுத்து 2019இல் எழுதினார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சாப்பிடாதவர்கள் சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இளைத்திருந்தார்கள். அவற்றில் பல குறுகிய காலச் சோதனைகள், தரமும் உயர்வாக இல்லை. இனிப்புநீர் இல்லாத, ஆரோக்கியமான பெரியவர் காலையில் சாப்பிடாவிட்டால் கெட்டுப்போவார் என்று என்னால் சொல்ல முடியாது. சாப்பிடாதவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்ற ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவர்களில் புகைப்பவர்களும் அதிகம். எது காரணமென்று அதை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

மகள் விஷயம் இன்னொன்று. பிள்ளைகளின் மூளை, எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிக சீனியை எரிக்கிறது. ஜமேய்க்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 1989இல் வெளிவந்த சோதனையில், காலை உணவு இல்லாத நாளில் சத்துக்குறைவான பிள்ளைகள்தான் தடுமாறினார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளைகள் சமாளித்தார்கள். உங்கள் மகள் அவர்களைவிடப் பெரியவள், அதனால் இது அப்படியே பொருந்தாது. ஆனால் அவள் மெலிந்தவளா, மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறதா, கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரத்தச் சோதனை தேவை. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு, மறுநாள் ஓய்வு நேரம் வரை 14 மணி நேரம் வெறும் வயிறாக இருப்பது அந்த மாதிரிப் பிள்ளைக்கு ஆகாது.

விடியற்காலையில் தொண்டைக்குள் இறங்கவில்லை என்று அவள் சொன்னால் திட்டாதீர்கள். அந்த வயதில் பலருக்கு இருப்பதுதான், தாமதமாகத் தூங்கினால் இன்னும் அதிகம். ஒரு வாழைப்பழமும் ஒரு கிளாஸ் பாலும் குடித்துவிட்டுப் போகட்டும். முட்டை வைத்த ரொட்டியைப் பையில் வையுங்கள். ஓய்வு மணி அடித்ததும் சாப்பிட்டுக்கொள்வாள்.